கோமதியின் நன்றிக் கடிதத்தை நான் திருத்திய கதை

போன வாரம், இன்னும் பள்ளியில் வேலை பார்க்கிற உங்களில் ஒருவர் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு தாளைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். டி.சி. வாங்கிக்கொண்டு போகிற ஒரு மாணவன், தனக்குப் பிடித்த டீச்சருக்கு எழுதிய நன்றி மடல். “சார், ரொம்ப சாதாரணமா இருக்கு. நீங்க கொஞ்சம் தட்டிக் கொட்டிக் குடுத்தா போர்டுல ஒட்டிடுவோம்” என்று கேட்டிருந்தார். நான் பதில் போடவில்லை. கோபம் என்று நினைத்திருப்பீர்கள். கோபம்தான், ஆனால் உங்கள் மேல் இல்லை. முப்பத்திரண்டு வருஷம் தமிழாசிரியர் வேலை பார்த்தவன் நான். அதில் தட்டிக் கொட்டியே ஓர் இளம் டீச்சரின் வேலைக்கு உலை வைக்கப் பார்த்த கதை ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டால் உங்களுக்கும் பதில் கிடைத்துவிடும்.

எனக்கு ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்த சமயம். வில்லியனூரில் பஸ் ஏறி ஏம்பலம் தாண்டி இறங்கினால், நெல்லும் கரும்புமாக இருக்கிற ஓர் ஊர். அங்கேதான் பள்ளி. எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. நடுவில் டி.சி. வாங்கிப் போகிற பிள்ளை, தனக்குப் பிடித்த ஆசிரியர் ஒருவருக்கு அரைத் தாளில் நன்றி எழுதிக் கொடுக்க வேண்டும். அது ஆசிரியர் அறைக்கு வெளியே இருக்கிற பலகையில் ஒரு மாதம் இருக்கும். ஒட்டுவதற்கு முன்னால் என்னிடம் வரும். பிழை பார்க்கிற பொறுப்பு என்னுடையது. பிழை மட்டுமா பார்த்தேன்? அலங்காரமும் செய்தேன். பிள்ளைகள் எழுதுவதை அப்படியே ஒட்டினால் தமிழாசிரியர் என்று ஒருத்தன் எதற்கு இருக்கிறான் என்று எனக்கு ஒரு நினைப்பு.

கோமதி ஒன்பதாம் வகுப்பு. அதிகம் பேசாத பெண். அவள் அப்பா டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தவர், திருப்பூரில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு கிளம்பினார். டிசம்பர் மாதம். அவள் எழுதியது எழிலரசி டீச்சருக்கு. எழிலரசி அறிவியல் டீச்சர். ஒப்பந்தத்தில் வந்தவர். வருஷா வருஷம் நீட்டித்தால்தான் வேலை. எங்களைப் போல நிரந்தரக்காரர்கள் வெயிலுக்கு ஒதுங்கி நிற்கிற நேரத்திலும் மைதானத்தில் பிள்ளைகளோடு நிற்கிற பெண்.

கோமதியின் தாளைப் படிக்கத் தொடங்கினேன். நாலாவது வரியில் எனக்கு முகம் சுருங்கிவிட்டது. மழை பெய்த ஒரு நாளில் வகுப்பிலேயே அவளுக்கு மாதவிலக்கு வந்து உடையில் பட்டுவிட்டதை அந்தப் பெண் எழுதியிருந்தாள். ஒளிவு மறைவில்லை, கூச்சமில்லை. எழிலரசி டீச்சர் பெரிய சாரிடம் சொல்லிவிட்டுத் தன் வண்டியில் வீட்டுக்குக் கூட்டிப் போனதையும் எழுதியிருந்தாள். பெரிய சார் என்றால் தலைமையாசிரியர். மீதியை மேலோட்டமாகப் பார்த்தேன். இதைப் போய்ப் பலகையில் ஒட்டுவதா, நாலு பையன்கள் நின்று படிப்பார்களே என்று பதறினேன்.

அவளைக் கூப்பிட்டேன். “இன்னாம்மா இது? இதெல்லாமா எழுதுவாங்க?”

“நடந்தத எழுதச் சொன்னாங்க சார். அதான் எழுதினேன்.”

“நடந்ததெல்லாம் எழுதினா அது கடுதாசி இல்ல. உக்காரு, நான் சொல்றேன், எழுதிக்கோ.”

சொன்னேன். “தாயாய், தந்தையாய், அறியாமை இருள் அகற்றிய ஒளிவிளக்காய், எங்களை ஏற்றிவிட்ட ஏணியாய், கரை சேர்த்த தோணியாய்த் திகழும் என் பேரன்பிற்குரிய ஆசிரியைக்கு” என்று தொடங்கி, “என் செயல்களில் ஏதேனும் பிழை இருப்பின் பொறுத்தருள வேண்டுகிறேன்” என்று முடித்தேன். அவள் மணி மணியான கையெழுத்தில் எழுதினாள். ‘திகழும்’ என்றால் என்ன என்று மட்டும் ஒருமுறை கேட்டாள். அவள் எழுதிக்கொண்டுவந்த பழைய தாளை அவள் கண் முன்னாலேயே நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டேன். அவள் கூடையைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள், “வரேன் சார்” என்று போய்விட்டாள். மறுநாள் குடும்பம் ஊரை விட்டுப் போனது.

ஜனவரியில் பூதம் கிளம்பியது. அந்த மழை நாளில் மதியம் ஆறாம் வகுப்புக்கு எழிலரசி டீச்சர் போயிருக்க வேண்டும். வகுப்பில் ஆள் இல்லாததால் பிள்ளைகள் மேசை மேல் ஏறிக் குதித்து விளையாடி, ஒரு குழந்தைக்குக் கை முறிந்திருந்தது. பெற்றோர் மேலிடத்துக்கு மனு கொடுத்துவிட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன், கை முறிந்தது அவர்கள் குழந்தைக்கு. டீச்சர் அனுமதி இல்லாமல் பள்ளியை விட்டு வெளியே போனார் என்பது மனு. வெளியே போகும்போது கையெழுத்துப் போடுகிற பதிவேட்டில் அன்றைக்கு அவர் பெயர் இல்லை. நிரூபணமானால் அடுத்த வருஷம் நீட்டிப்பு கிடையாது. அந்தப் பெண்ணின் வீட்டில் சம்பாதிக்கிற ஒரே ஆள் அவர்தான்.

“நான் பெரிய சார்கிட்ட சொல்லிட்டுத்தான் சார் போனேன். அவசரத்துல நோட்டுல எழுதல” என்று எழிலரசி ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். தலைமையாசிரியரோ, “எனக்கு ஞாபகம் இல்லையே” என்றார். அவருக்கு ஓய்வு பெற மூன்று மாதம்தான் இருந்தது. வகுப்பைக் காலியாக விட அனுமதித்தவர் அவர் என்று ஆகிவிட்டால் ஓய்வூதியக் காகிதம் எங்கேயாவது நின்றுவிடும் என்று பயம். கெட்டவர் இல்லை. பயந்த மனிதர். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “நீங்க இதுல தலையைக் குடுக்காதீங்க. உங்களுக்கும் ரெண்டு வருஷம்தானே” என்றார்.

நான் தலையைக் கொடுக்கவில்லை. உண்மை எனக்குத் தெரியும், கோமதியின் தாளில் படித்தவன் நான். அன்றைக்கு நான் பிள்ளைகளைக் கட்டுரைப் போட்டிக்கு வில்லியனூருக்கு அழைத்துப் போயிருந்தேன், கண்ணால் பார்த்தவன் இல்லையே, நான் எப்படிச் சாட்சி சொல்வது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சமாதானம் சொல்வதில் தமிழாசிரியரை மிஞ்ச ஆள் கிடையாது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

விசாரணை நாள் வந்தது. கல்வித் துறையிலிருந்து வந்த அதிகாரி ஓர் அம்மா. அதிகம் பேசாதவர், எல்லாவற்றையும் எழுதிக்கொள்கிறவர். தலைமையாசிரியர் அறையில் அவர், தலைமையாசிரியர், எழிலரசி, மூத்த ஆசிரியர் என்பதால் நான்.

“எதுக்கு வெளிய போனீங்க?” என்று எழிலரசியைக் கேட்டார்.

“ஒரு பிள்ளைக்கு உடம்பு சரியில்ல மேடம். வீட்ல வுட்டேன்.”

“இன்னா உடம்பு?”

எழிலரசி எங்கள் இருவரையும் ஒரு முறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆண்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிற அறையில் அந்தப் பெண்ணின் விஷயத்தைச் சொல்ல அவருக்கு மனமில்லை. தன் வேலை போகிற இடத்திலும் அவர் கோமதிக்கு மரியாதை காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

“அந்தப் பிள்ளை எங்க?”

“டி.சி. வாங்கிட்டுப் போயிடுச்சி மேடம். ஆனா போறப்ப எனக்கு நன்றி எழுதிக் குடுத்துச்சி” என்று எழிலரசி கைப்பையைத் திறந்து, மடித்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். பலகையிலிருந்து எடுத்துப் பத்திரப்படுத்தியிருக்கிறார். அதை அவர் அவ்வளவு ஆசையாக நீட்டினார்.

அதிகாரி படித்தார். ஏணி, தோணி, ஒளிவிளக்கு. மறுபடி படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“ஒன்பதாவது பொண்ணு எழுதினதா இது?”

“ஆமா மேடம்.”

“இதுல மழையும் இல்ல, உடம்பு சரியில்லன்னும் இல்ல, நீங்க கூட்டிட்டுப் போனதும் இல்ல. உங்க பேரை எடுத்துட்டு வேற எந்த டீச்சர் பேரைப் போட்டாலும் சரியா இருக்கும். இது புள்ள எழுதினதில்ல. பெரியவங்க யாரோ சொல்லி எழுதினது. நீங்களே சொல்லி எழுத வச்சீங்களா?”

“இல்ல மேடம்!”

“அப்போ வேற யாரு?”

எழிலரசிக்குத் தெரியாது. பழைய தாளை அவர் பார்த்ததே இல்லை. பதில் தெரிந்த ஒரே ஆள் நான். தலைமையாசிரியர் பேனாவை உருட்டிக்கொண்டு என்னைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அதிகாரி, “சந்தேகத்துக்குரிய ஆவணம்” என்று சொல்லிக்கொண்டே எழுதத் தொடங்கினார். எழிலரசி அழவில்லை, வாதாடவில்லை. தாளைத் திரும்ப வாங்கி, மடித்திருந்த அதே மடிப்பில் மடிக்கப் பார்த்தார். மடிப்பு சேரவில்லை. அதைப் பார்த்த பிறகு என்னால் உட்கார முடியவில்லை.

“நான்தான் மேடம்” என்றேன். “நான்தான் சொல்லி எழுத வச்சேன். அந்தப் பொண்ணு முதல்ல வேற எழுதியிருந்துச்சி. அதுல எல்லாம் இருந்தது.”

“அது எங்க?”

“கிழிச்சிட்டேன்.”

அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “சார், இது வரைக்கும் வாயே தொறக்காம இருந்துட்டு இப்போ சொல்றீங்க. கூட வேலை பாக்குற டீச்சருக்காகச் சொல்றீங்கன்னு நான் எழுதினா தப்பா?”

தப்பில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

“மூணு மணிக்கு அறிக்கையை முடிச்சிட்டு நான் கிளம்பணும். அதுக்குள்ள அந்தப் பொண்ணு கிட்டருந்து ஏதாவது இருந்தா காட்டுங்க” என்றார். அப்போது மணி பன்னிரண்டே முக்கால்.

டி.சி. நகலில் கோமதியின் அப்பா எண் இருந்தது. அடித்தேன், எடுக்கவில்லை. ஏழெட்டு முறை அடித்தேன். எழிலரசியும் தன் போனிலிருந்து அடித்தார். ஒன்றே கால், ஒன்றரை. பிள்ளைகள் சாப்பிட்டுத் தட்டுக் கழுவுகிற சத்தம். நான் டிபன் டப்பாவைத் திறக்கவே இல்லை. ஒன்றே முக்காலுக்கு அவரே கூப்பிட்டார். பின்னால் இயந்திரச் சத்தம்.

“யார்ங்க? இன்னா விஷயம்? டூட்டில இருக்கேன்.”

பெயரைச் சொன்னேன். “சார், டி.சி.ல ஏதாவது தப்பா?” என்று அந்த மனிதர் பதறினார். புதுப் பள்ளியில் இன்னும் சேர்க்கவில்லையாம், பாப்பா வீட்டில்தான் இருக்கிறாளாம், போன் அவள் அம்மாவிடம் இருக்குமாம். எண்ணைச் சொன்னார், சத்தத்தில் கடைசி இரண்டு எண் சரியாகக் கேட்கவில்லை. மறுபடி கேட்டு வாங்கினேன்.

கோமதியின் அம்மா எடுத்து, “இந்தாடி, உங்க தமிழ் சாரு” என்று கொடுத்தார்.

“சொல்லுங்க சார்” என்றாள் கோமதி.

நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன். எழில் டீச்சருக்குப் பிரச்சினை, அன்றைக்கு நடந்ததை நீ எழுதினாயே, அது இப்போது வேண்டும் என்றேன்.

“அந்தத் தாளு இருக்கா சார்?”

“கிழிச்சிட்டேன்மா. நீயும் பார்த்தியே.”

“நான் திரும்ப எழுதி அனுப்பட்டுமா சார்?”

“எழுதும்மா. ஆனா ஒண்ணு. இங்க அதைப் படிக்கப் போறது ஒரு பெரிய மேடம். பெரிய சாரும் பக்கத்துல இருப்பாரு. உனக்கு எது கூச்சமா இருக்கோ அதை எழுத வேணாம்.”

“எனக்கு இன்னா சார் கூச்சம்? அன்னிக்கே எழுதினேனே.”

கூச்சம் அவளுக்கு இல்லை. எனக்குத்தான் இருந்தது. அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஐம்பத்தெட்டு வயது ஆக வேண்டியிருந்தது.

இரண்டு மணி ஆயிற்று. இரண்டேகால். போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் தாள் இருக்கிறதோ, பேனா இருக்கிறதோ, படம் அனுப்பத் தெரியுமோ என்று மனது அடித்துக்கொண்டது. எழிலரசி ஏழாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கப் போய்விட்டார். வேலை போகிறதோ இல்லையோ, மணி அடித்தால் வகுப்புக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது படம் வந்தது. படித்துப் பார்க்கக்கூட நிற்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு ஓடினேன். எழிலரசியையும் கூப்பிட்டுவிட்டார்கள்.

அதிகாரி என் போனை வாங்கி வாய்விட்டே படித்தார்.

“அன்புள்ள எழில் டீச்சருக்கு, கோமதி எழுதுவது. நான் ஒன்பதாம் வகுப்பில் ஜன்னல் பக்கம் உட்காருவேன். நாங்கள் திருப்பூர் வந்துவிட்டோம். முதலில் எழுதியதையே திரும்ப எழுதி உங்களுக்கு நன்றி சொல்கிறேன்.

மழை பெய்த அன்று எனக்கு பீரியட்ஸ் வந்து சுடிதாரில் பட்டுவிட்டது. நான் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள். நீங்கள்தான் வந்து ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டீர்கள். நான் சொல்லவில்லை, நீங்களே புரிந்துகொண்டீர்கள். உங்கள் ரெயின்கோட்டை என் இடுப்பில் கட்டினீர்கள். பெரிய சாரிடம் போய்ச் சொன்னீர்கள். அவர் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொன்னார். உங்களுக்கு ரெயின்கோட் இல்லை என்று அவருடைய குடையைக் கொடுத்தார். வண்டியில் நான் பின்னால் உட்கார்ந்து உங்களுக்கும் சேர்த்துப் பிடித்தேன். ஆனாலும் நீங்கள் நனைந்துவிட்டீர்கள்.

அம்மா நடவுக்குப் போயிருந்தார்கள். அம்மா வரும் வரை நீங்கள் போகவில்லை. ஈரப் புடவையோடு உட்கார்ந்து எனக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தீர்கள். இது அசிங்கம் இல்லை என்று சொன்னீர்கள். அதிலிருந்து எனக்குப் பயம் இல்லை. அதற்குத்தான் நன்றி.

பெரிய சார் குடையைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன். கறுப்புக் குடை, கைப்பிடியில் பச்சைக் கயிறு கட்டியிருக்கும். மூட்டையோடு திருப்பூர் வந்துவிட்டது. நீங்கள் சாரிடம் சொல்லிவிடுங்கள். இது என் தப்பு, மன்னித்துவிடுங்கள்.

புதுப் பள்ளியிலும் அறிவியலில் நல்ல மார்க் வாங்குவேன். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். இப்படிக்கு, உங்கள் மாணவி கோமதி.”

அதிகாரி தலைமையாசிரியரைப் பார்த்தார். கேள்வி கேட்கவே இல்லை. தலைமையாசிரியரே வாயைத் திறந்தார்.

“என் குடைதான்” என்றார். “பச்சைக் கயிறு என் சம்சாரம் கட்டினது. மழை வுட்ட பொறவு எங்க வச்சேன்னு தேடிக்கினே இருந்தேன் மேடம். நான்தான் டீச்சரைப் போவச் சொன்னேன். ஆறாம் வகுப்புக்கு வேற ஆளை அனுப்பறேன்னும் சொன்னேன். அனுப்ப மறந்துட்டேன். தப்பு என்னுது.” பிறகு எழிலரசியின் பக்கம் திரும்பி, “மன்னிச்சிடும்மா” என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எனக்குப் போய்விட்டது.

எழிலரசி அப்போதுதான் அழுதார். கோமதி தனக்கு எழுதியதை இரண்டு மாதம் கழித்து அன்றைக்குத்தான் அவர் கேட்கிறார். இத்தனை நாள் அவர் கைப்பையில் வைத்துச் சுமந்தது என்னுடைய ஏணியையும் தோணியையும்.

அதிகாரி அறிக்கையை மாற்றி எழுதினார். வெளியே போகும்போது நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள், எவ்வளவு அவசரமானாலும் ஒரு வரி எழுதுங்கள் என்று எழிலரசிக்கு ஒரு குட்டு வைத்தார். நியாயம்தான், நீங்களும் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். தலைமையாசிரியரிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது, ஓய்வு நாளில் எந்தச் சிக்கலும் வரவில்லை. எழிலரசிக்கு நீட்டிப்பு கிடைத்தது. எனக்கு ஒரு தண்டனையும் இல்லை. கிளம்பும்போது அந்த அம்மா என்னிடம், “நீங்க நல்ல தமிழ்தான் சார் எழுதுறீங்க. ஆனா அந்தப் பொண்ணு எழுதினதைத்தான் என்னால ஃபைல்ல வைக்க முடிஞ்சது” என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பிள்ளை நன்றி எழுதும்போது தான் யார் என்று சொல்லும், டீச்சர் செய்த ஏதாவது ஒன்றைச் சொல்லும், அதனால் தனக்கு என்ன ஆயிற்று என்று சொல்லும், தான் செய்த ஒரு தப்புக்கு மன்னிப்புக் கேட்கும், நன்றாக இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போகும். இதை நாம் யாரும் அதற்குச் சொல்லித் தரவில்லை. வீட்டில் பெரியவர்களிடம் விடைபெறுவது போலத் தானாக எழுதுகிறது. எழுத்துப் பிழை இருந்தால் திருத்துங்கள். பலகையில் ஒட்ட முடியாத விஷயம் இருந்தால் பலகையை விடுங்கள், தாளை உரிய டீச்சர் கையில் கொடுங்கள். அதற்குமேல் உங்கள் பேனாவை மூடி வையுங்கள்.

அன்று சாயந்திரம் பஸ்ஸில் இடம் கிடைத்து உட்கார்ந்த பிறகுதான் போனை நிதானமாகப் பார்த்தேன். படத்துக்குக் கீழே கோமதி இன்னொரு செய்தி போட்டிருந்தாள். நான் ஓடின ஓட்டத்தில் அதைக் கவனிக்கவில்லை. வந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவள் பதிலுக்குக் காத்திருந்திருக்கிறாள்.

“சார், இதுல எதெல்லாம் எடுக்கணும்னு சொல்லுங்க சார். எடுத்துட்டு வேற தாள்ல நல்லா எழுதி அனுப்புறேன்.”